வாசலில் சாய்தளம் கேட்பதற்கு முன் படியை அளந்துவிடுங்கள்

கேள்வி: "அம்மாவுக்கு 79 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து சக்கர நாற்காலிதான், வீட்டுக்குள் கொஞ்சம் வாக்கர் பிடித்து நடப்பார். சென்னையில் 24 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட். கீழே பார்க்கிங், அங்கிருந்து மூன்று படி ஏறினால்தான் லிஃப்ட். சாய்தளமும் கைப்பிடியும் வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதினேன். 'பார்க்கிங் போய்விடும், ஒரு வீட்டுக்காகப் பொது இடத்தை மாற்ற முடியாது' என்கிறார்கள். மறுபடி எப்படிக் கேட்பது? எப்படிக் கட்டுவது?"

நான் சிவில் இன்ஜினீயர். எங்கள் குடியிருப்பில் நான்கு வருடம் சங்கச் செயலாளராகவும் இருந்தேன். அதனால் இந்தக் கடிதத்தை எழுதுபவரின் நிலையும் தெரியும், அதைக் கையில் வாங்குபவரின் நிலையும் தெரியும். உங்கள் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் பதிலைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. நீங்கள் தேவையைச் சொல்லியிருக்கிறீர்கள், அளவைச் சொல்லவில்லை. அளவு இல்லாத சாய்தளம் கமிட்டியில் இருக்கும் ஒவ்வொருவர் மனதிலும் அவரவர் கார் நிற்கும் இடத்தில்தான் வந்து உட்காரும். எங்கள் கட்டடத்திலும் முதல் தடவை அப்படித்தான் போனது. இரண்டாம் தடவை ஒரு வரைபடத்தோடு போனோம், அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஆகவே முதலில் உயரம். இந்த வேலைக்குப் பெரும்பாலான வழிகாட்டுதல்களில் வருகிற விகிதம் 1-க்கு 12. மேஸ்திரி மொழியில் சொன்னால் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். இதைவிடச் செங்குத்தாகப் போனால், ஏற்றும்போது தள்ளுபவரால் முடியாது. இறக்கும்போது நாற்காலி அவரை இழுத்துக்கொண்டு போகும். இடம் இருந்தால் இதைவிடச் சாய்வு குறைவாக வைப்பது இன்னும் நல்லது.

படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மூன்று படி, ஆக 18 அங்குலம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் வந்த காண்ட்ராக்டர் அப்படித்தான் போட்டார். படியின் அடியில் டேப்பை வைத்து 18 என்று எழுதி, 18 அடி நீளம் என்றார். ஆனால் பார்க்கிங் தரை மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்துதான் இருக்கும். சாய்தளம் படிக்குப் பக்கத்தில் முடிவதில்லை, இருபது அடி தள்ளிப் போய்த் தரையைத் தொடுகிறது. அங்கே தரை இன்னும் மூன்று அங்குலம் கீழே இருந்தது. தண்ணீர் நிரப்பிய ட்யூபை ஒருவர் லிஃப்ட் வாசலில் பிடிக்க, நான் சாய்தளம் முடியப்போகும் இடத்தில் பிடித்துப் பார்த்தேன். உண்மையான உயரம் 21 அங்குலம். 18 அடியில் 21 அங்குலம் ஏற்றியிருந்தால் விகிதம் கெட்டுப்போயிருக்கும், ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று யாருக்கும் புரிந்திருக்காது. ட்யூப் மட்டம் பார்க்க மேஸ்திரிக்குப் பத்து நிமிடம் போதும். கடிதம் எழுதுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

21 அங்குலம் என்றால் 21 அடி. இந்த எண்ணைக் கேட்டதும் எல்லாரும் பின்வாங்குவார்கள். ஆனால் சாய்தளம் ஒரே நேர்கோட்டில் போக வேண்டியதில்லை. எங்கள் லிஃப்ட் முகப்பிலிருந்து படிக்கட்டுச் சுவரை ஒட்டி ஒன்பது அடி இறக்கினோம். அதில் ஒன்பது அங்குலம் இறங்கிவிட்டது. அங்கே ஐந்துக்கு ஐந்து அடியில் ஒரு சமதளம். நாற்காலி திரும்புவதற்கும், தள்ளுபவர் மூச்சு வாங்குவதற்கும் அந்த இடம் வேண்டும். அங்கிருந்து திரும்பித் தூண் வரிசையை ஒட்டி இன்னொரு 12 அடி, மீதி 12 அங்குலம். அகலம் கைப்பிடிகளுக்கு இடையே நான்கு அடி. கீழே முடியும் இடத்திலும் ஐந்து அடிக்கு வண்டி எதுவும் நிற்காமல் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கி வந்த நாற்காலி ஒரு ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில்தான் நிற்கும்.

இப்படி வரைந்து பார்த்தபோதுதான் கார் இடம் ஒன்றுகூடப் போகவில்லை என்று தெரிந்தது. சுவரோரம் வரிசை இல்லாமல் நின்ற ஐந்து டூவீலர்களை எதிர்ப்பக்கம் மாற்றினால் போதும். வரைந்ததோடு நிறுத்தவில்லை. சாக்பீஸால் தரையிலேயே முழு அளவில் கோடு போட்டு, ஒரு வாரம் அப்படியே விட்டோம். கோட்டுக்குள் யாரும் வண்டி வைக்க வேண்டாம் என்று வாட்ச்மேன் பார்த்துக்கொண்டார். காரை எடுக்கும்போது இடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு வாரம் எடுத்துப் பார்த்துவிட்டு அவரே சரி என்றார். உங்கள் சங்கத்தில் பார்க்கிங்தான் தடை என்றால், இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியாது.

கோடு போடும்போது தரையில் என்னென்ன மூடி இருக்கிறது என்று பாருங்கள். சம்ப் மூடி, கழிவுநீர் சேம்பர், மின் மீட்டர் பெட்டிக்குப் போகும் வழி, தீயணைப்பு வண்டி உள்ளே வரும் பாதை. இவற்றில் ஒன்றை மறைத்தாலும் திட்டத்தை நிராகரிக்க அதுவே போதும், அந்த நிராகரிப்பு நியாயமாகவும் இருக்கும்.

லிஃப்ட் முகப்பையே தரை மட்டத்துக்குத் தாழ்த்திவிடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். சென்னையில் அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது உயர்ந்திருப்பது மழைத்தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் போகாமல் இருக்கத்தான். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று படியின் அருமை தெரியும்.

இனி கேட்பது. பொது இடம் எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத பங்காக இருப்பது. அதனால் சொந்தச் செலவில் கட்டுகிறேன் என்றாலும் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. முதலில் உங்கள் சங்கத்தின் விதிகளை எடுத்து, கமிட்டியே முடிவு செய்யக்கூடிய வேலையா, பொதுக்குழுவுக்குப் போக வேண்டியதா என்று பாருங்கள். கூடவே, கட்டடத்துக்கு அனுமதி வாங்கிய வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சில கட்டடங்களில் அந்த வரைபடத்திலேயே சாய்தளம் காட்டப்பட்டிருக்கும். பில்டர் கட்டாமல் விட்டிருப்பார், அல்லது கட்டியதைப் பிறகு யாரோ இடித்து வண்டி நிறுத்தியிருப்பார்கள். அப்படி இருந்தால் நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை, விடுபட்டதைக் கேட்கிறீர்கள். பேச்சின் போக்கே மாறிவிடும்.

சட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைப் பலரும் கடிதத்தில் எழுதுகிறார்கள், ஆனால் தவறான பிரிவைக் காட்டிவிடுகிறார்கள். பழைய கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று சொல்லும் 45-ஆம் பிரிவு பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்கானது. குடியிருப்புக்கு அது நேராகப் பொருந்தாது, கமிட்டியில் ஒரு வக்கீல் இருந்தால் அந்த ஒரு வரியை வைத்தே முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார். அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவில், ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வாழ, அடுத்தவர் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்யக்கூடிய பொருத்தமான மாற்றம் என்று ஒரு கருத்து விளக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கோரிக்கைக்குப் பொருந்துவது அதுதான். உங்கள் வரைபடமும் செலவு மதிப்பீடும் அந்தச் சுமை எவ்வளவு சின்னது என்பதைக் காட்டுகின்றன. வயது மட்டும் இந்தச் சட்டத்தில் மாற்றுத்திறனாக எண்ணப்படாது. அம்மாவின் நடக்கும் திறன் நீண்ட நாளைக்குக் குறைந்திருக்கிறது என்று எலும்பு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யூ.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்து வையுங்கள். சங்கம் கடைசிவரை மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கும் வழி இருக்கிறது, அப்போது இந்தத் தாள்கள்தான் பேசும். ஆனால் முதல் கடிதத்திலேயே ஆணையர் பெயரை எழுத வேண்டாம். தினமும் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். அம்மாவின் நிலை இரண்டு வரி. உயரம், நீளம், எந்தச் சுவரை ஒட்டி, எந்த வண்டிகள் எங்கே மாறுகின்றன. செலவு எவ்வளவு, யார் தருவது. வேலை எத்தனை நாள், அந்த நாட்களில் மற்றவர்கள் எப்படி லிஃப்டுக்குப் போவார்கள். கடைசியில், கமிட்டியின் முடிவை எழுத்தில் தரும்படி ஒரு வரி. பின்னால் வரைபடம், மருத்துவர் கடிதம், இரண்டு இடத்தில் வாங்கிய விலைப்பட்டியல். செலவைப் பற்றி என் கருத்து இது: முழுவதையும் நானே தருகிறேன் என்று எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள். எழுதினால் அது உங்கள் வீட்டுச் சாய்தளம் ஆகிவிடும், நாளைக்கு அதன் மேல் பைக் நிறுத்தினால் கேட்க ஆள் இருக்காது. எங்கள் சங்கம் கட்டுமானச் செலவை ஏற்றது, கேட்டவர் குடும்பம் கைப்பிடிச் செலவைக் கொடுத்தது. சாய்தளம் எல்லாருடையதாகவும் ஆனது.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் இருந்த மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. டாக்டரிடம் போகும் நாளெல்லாம் வாட்ச்மேனும் பேப்பர் போடும் தம்பியும் சேர்ந்து நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குவார்கள். ஒருநாள் வாட்ச்மேன் முன்பக்கம் கால் வைக்கும் தகட்டைப் பிடித்துத் தூக்கினார். அது கழற்றி மாட்டுகிற தகடு. இரண்டாவது படியில் அது கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. நாற்காலி முன்னால் சாய்ந்தது, பின்னால் பிடித்திருந்த தம்பி அப்படியே உட்கார்ந்து இழுத்ததால் மாமா விழவில்லை. முழங்கை மட்டும் சுவரில் உரசிச் சதை வழன்றுவிட்டது. அதற்கப்புறம் மாமா டாக்டரிடம் போவதையே தள்ளிப் போட ஆரம்பித்தார். "அந்தப் பசங்களுக்குக் கஷ்டம்ப்பா" என்பார். உங்கள் வீட்டில் சாய்தளம் வரும் வரை தூக்கத்தான் வேண்டும் என்றால், முன்னால் இருப்பவர் நாற்காலியின் நிலையான இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கால் தகட்டையும் கைவைக்கும் பகுதியையும் பிடிக்கவே கூடாது. ஏற்றும்போது அம்மாவின் முதுகு படியைப் பார்த்து இருக்கட்டும், பெரிய சக்கரத்தை ஒவ்வொரு படியாக உருட்டி ஏற்றலாம்.

கைப்பிடியைச் சாய்தளத்தின் அலங்காரமாக நினைத்துக் கடைசியில் வைக்கிறார்கள். எங்களுக்குக் கட்டுமானத்தைவிடக் கைப்பிடிக்குத்தான் அதிகம் செலவானது, ஆனால் அதிகம் பேருக்குப் பயன்படுவதும் அதுதான். இரண்டு பக்கமும் வேண்டும். மாமாவுக்கு வலது கை மட்டும்தான் வேலை செய்தது. ஏறும்போது வலப்பக்கம் இருக்கும் கைப்பிடி இறங்கும்போது இடப்பக்கம் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பாதிப் பயணத்துக்குக் கைப்பிடி இல்லை என்று அர்த்தம். உயரம் தரையிலிருந்து 36 அங்குலத்தில் ஒன்று, அதற்குக் கீழே 28, 30 அங்குலத்தில் இன்னொன்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி பிடித்து இழுப்பவருக்கும் கூன் விழுந்த பாட்டிக்கும் கீழே இருப்பதுதான் எட்டும். குழாய் உருண்டையாக ஒன்றரை அங்குலம் முதல் ஒன்றே முக்கால் வரை, கை முழுக்கச் சுற்றிப் பிடிக்கிற அளவு. சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி. சாய்வு முடிகிற இடத்தோடு கைப்பிடி முடியக்கூடாது, மேலேயும் கீழேயும் இன்னும் ஒரு அடி நீள வேண்டும். தடுமாறுவது பெரும்பாலும் சாய்விலிருந்து சமதளத்துக்குக் கால் மாறும் அந்த ஒரு எட்டில்தான்.

ஸ்டீல் வாங்கும்போது 304 தரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 202 பார்க்க அதே பளபளப்பாக இருக்கும், விலை குறைவு, சென்னைக் காற்றில் சீக்கிரம் துருப் புள்ளி விழும். கடற்கரைக்கு மிக அருகில் வீடு என்றால் 316 தான் நிற்கும். கம்பத்தின் அடித்தகடு கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறங்க வேண்டும். டைல்ஸ் மேல் மட்டும் திருகிவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் ஆடும். வேலை முடிந்ததும் நீங்களே முழு எடையோடு பிடித்து வெளிப்பக்கமாகத் தொங்கிப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். படியை இடித்துவிட்டுச் சாய்தளம் கட்டச் சொல்லாதீர்கள். முழங்கால் தேய்ந்தவர்கள் பலருக்குச் சரிவில் இறங்குவதைவிடக் கைப்பிடி உள்ள படியில் இறங்குவதே எளிது. படியும் இருக்கட்டும், படியின் இரண்டு பக்கமும் அதே கைப்பிடி வரட்டும். எங்கள் கமிட்டியில் கடைசியாக மனம் மாறியவர் சாய்தளத்துக்காக மாறவில்லை. தன் மனைவி தினமும் அந்தப் படியில் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவது அவருக்குத் தெரியும்.

தரைப் பூச்சில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அழகுக்காகப் பாலிஷ் கிரானைட் போடுவார்கள், ஈரக்காலோடு யாராவது வந்தால் வழுக்கும். இல்லையென்றால் வண்டி வழுக்காத கட்டம் போட்ட பார்க்கிங் டைல்ஸ் போடுவார்கள், அதில் நாற்காலி கடகடவென்று ஆடும், இடுப்பில் ஆபரேஷன் ஆன உங்கள் அம்மாவுக்கு ஒவ்வொரு கட்டமும் வலிக்கும். சிமென்ட் பூச்சு இளம் ஈரமாக இருக்கும்போது குறுக்காகத் துடைப்பத்தால் லேசாக இழுத்துவிட்டால் போதும், சொரசொரப்பும் வரும், ஆட்டமும் இருக்காது. ஓரத்தில் நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு சின்னத் திட்டு கட்டினால் சக்கரம் வெளியே நழுவாது.

சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றாலும் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் அதில் சிக்கி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் தள்ளப்படுவார். சாய்வு அதிகமாகிவிட்டதா என்று அளக்காமலே தெரிந்துகொள்ளவும் அந்த இடம்தான் உதவும். நாற்காலி முன்னோக்கி இறங்கும்போது கால் தகடு தரையில் இடித்தால் சாய்வு தவறு, பேசிப் பயனில்லை.

உங்கள் இடத்தில் 18, 20 அடிக்கு எந்த மூலையிலும் வழியே இல்லை என்றால் நீளத்தைக் குறைத்து ஒன்றைக் கட்டிவைக்காதீர்கள். மூன்று படி மேல் ஆறடிப் பலகையைச் சாய்த்தது போன்ற சாய்தளங்களை நிறையக் கட்டடங்களில் பார்க்கிறேன். அவை ஸ்கூட்டர் ஏற்ற ஆகும், மனிதரை ஏற்ற ஆகாது. மடக்கி வைக்கும் அலுமினியச் சாய்தளம் கிடைக்கிறது, ஆறடி நீளம் உள்ளது ஆறு அங்குலம் உயரமான ஒற்றைப் படிக்குச் சரி. மூன்று படிக்கு அதுவும் போதாது. அப்போது நாற்காலியோடு நேராக மேலே தூக்கும் சிறிய மேடை லிஃப்ட்தான் வழி. அதற்கு மின்சாரம், வருடாந்திரப் பராமரிப்பு என்று சங்கம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும், அதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியை வரச் சொல்வதற்கு முன்னால் ஒருநாள் அம்மாவின் கட்டிலிலிருந்து கார் கதவு வரை டேப்போடு நடந்து பாருங்கள். நாற்காலியின் மொத்த அகலம், சக்கரத்தைத் தள்ளும் வளையத்தையும் சேர்த்து, பெரும்பாலும் 25, 26 அங்குலம் வரும். பழைய லிஃப்ட் கதவு சில இடங்களில் 28 அங்குலம்தான், கை விரல் உரசும். வீட்டு வாசலில் கிரானைட் நிலைப்படி ஒரு அங்குலம் உயர்ந்திருக்கும், அதற்கு ஒரு ரப்பர் சரிவுப் பட்டை வாங்கிப் போடலாம். வீட்டுக்குள் இருப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், இன்றைக்கே செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் காண்ட்ராக்டருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். அவர் முன்னாலேயே நாற்காலியில் கொஞ்சம் பருமனான ஒருவரை உட்கார வைத்து, உங்கள் வீட்டில் அம்மாவை வழக்கமாகத் தள்ளுகிறவரையே தள்ளச் சொல்லி ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள். நடுவில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். பலசாலியான மேஸ்திரி தள்ளிக் காட்டுவதை ஏற்காதீர்கள். அப்புறம் ஒரு நல்ல மழை பெய்யும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். சாய்தளத்தின் அடியிலும் திரும்பும் சமதளத்திலும் தண்ணீர் தேங்குகிறதா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.